முயலும் லிங்க்ஸும் ஒரே வரைபடத்தில்: உச்சங்களுக்கு இடையிலான தாமதத்தை அளப்பது எப்படி?

இரை எண்ணிக்கையும் அதைத் தின்னும் விலங்கின் எண்ணிக்கையும் மாறி மாறி ஏறி இறங்கும் வரைபடத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். பார்க்க எளிது. அதை நாமே வரைந்து, "இரண்டாவது கோடு எத்தனை வருடம் பின்னால் வருகிறது?" என்ற கேள்விக்கு ஒரு எண்ணைச் சொல்ல முயலும்போதுதான் சிக்கல் தொடங்கும். ஒரே அட்டவணையை ஐந்து மாணவர்களிடம் கொடுத்தேன். ஒரு வருடம், ஒன்றரை, இரண்டு, நான்கு என்று பதில்கள் வந்தன. ஒருவர் "தாமதமே இல்லை" என்றார். யாரும் கூட்டல் கழித்தலில் தப்பு செய்யவில்லை. ஆளுக்கு ஒரு இடத்தில் அளந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

எடுத்துக்காட்டுக்குக் கனடாவின் தரவையே வைத்துக்கொள்வோம். ஹட்சன் பே கம்பெனி 1900 முதல் 1920 வரை வாங்கிய ஸ்னோஷூ முயல் தோல்களும் கனடா லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனையின் தோல்களும் இதில் உள்ளன. வெறும் 21 வரிகள்தான், கையாலேயே சரிபார்த்துவிடலாம்.

## 1. தொடங்கும் முன்: இந்த எண்கள் எதை எண்ணுகின்றன?

தேவையானவை கொஞ்சம்தான்: Google Sheets அல்லது LibreOffice Calc, ஒரு பென்சில், ஒரு அடிக்கோல். வரைபடத்தை ஒருமுறை அச்சிட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. திரையில் கண்ணை நம்பி அளப்பதை விடத் தாளில் கோடு போட்டு அளப்பது தெளிவாக இருக்கும்.

அதற்கு முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவை காட்டில் உயிரோடு இருந்த விலங்குகளின் எண்ணிக்கை அல்ல. பொறியில் சிக்கி, தோலாகக் கடைக்கு வந்தவற்றின் கணக்கு, அதுவும் ஆயிரங்களில். 77.4 என்றால் 77,400 தோல்கள்.

பொறி வைப்பது குளிர்காலத்தில். அந்தக் குளிர்காலம் இரண்டு காலண்டர் வருடங்களில் கால் வைத்திருக்கும். ஆகவே இந்தத் தரவில் ஒரு வருடத்துக்கும் குறைவான துல்லியத்தைத் தேடுவது வீண். "1.37 வருடம்" என்று யாராவது எழுதினால் அந்தக் கடைசி இலக்கங்களுக்குப் பொருள் கிடையாது.

## 2. தரவை உள்ளிடுங்கள்

கீழே உள்ளதை அப்படியே நகலெடுத்து A1 கட்டத்தில் ஒட்டுங்கள். எல்லாம் ஒரே நெடுவரிசையில் விழுந்தால் `Data → Split text to columns` கொடுங்கள்; LibreOffice Calc என்றால் `Data → Text to Columns`.

```
வருடம்,முயல்,லிங்க்ஸ்
1900,30,4
1901,47.2,6.1
1902,70.2,9.8
1903,77.4,35.2
1904,36.3,59.4
1905,20.6,41.7
1906,18.1,19
1907,21.4,13
1908,22,8.3
1909,25.4,9.1
1910,27.1,7.4
1911,40.3,8
1912,57,12.3
1913,76.6,19.5
1914,52.3,45.7
1915,19.5,51.1
1916,11.2,29.7
1917,7.6,15.8
1918,14.6,9.7
1919,16.2,10.1
1920,24.7,8.6
```

1900 இரண்டாவது வரியிலும் 1920 இருபத்திரண்டாவது வரியிலும் இருக்க வேண்டும். பின்னால் வரும் சூத்திரங்கள் இந்த இடங்களை நம்பியே எழுதப்பட்டவை. ஒரு வரி நகர்ந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் சத்தமில்லாமல் தப்பாகிவிடும்.

## 3. வரைபடத்தைப் போடுங்கள்

மூன்று நெடுவரிசைகளையும் தேர்ந்தெடுத்து `Insert → Chart` கொடுத்து, `Line chart` வகையைத் தேர்ந்தெடுங்கள். `X-axis` என்ற இடத்தில் வருடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். வருடமும் ஒரு எண் என்பதால் மென்பொருள் சில நேரம் அதையும் மூன்றாவது கோடாக வரைந்துவிடும். 1900க்கும் 1920க்கும் நடுவில் மேலே ஒரு கிடைக்கோடு ஓடும். முயலும் லிங்க்ஸும் தரையோடு ஒட்டிப்போன இரண்டு நூல்களாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் தரவில் கோளாறு இல்லை. `Series` பட்டியலிலிருந்து வருடத்தை நீக்கினால் போதும்.

`Smooth line chart` என்ற வகை பார்க்க அழகாக இருக்கும். அதைத் தொடாதீர்கள். வளைவை அழகாக்குவதற்காக அது இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கோட்டை உப்பவைக்கும். 1903இன் உச்சம் 1902க்கும் 1903க்கும் நடுவில் எங்கோ இருப்பதுபோலத் தோன்றிவிடும். நாம் அளக்கப்போவதே உச்சத்தின் இடத்தைத்தான். நேர்க்கோட்டால் இணைத்து, ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு புள்ளியும் வைத்துவிடுங்கள்.

உங்கள் சொந்தத் தரவில் நடுவில் சில வருடங்கள் விடுபட்டிருந்தால் `Line chart` ஒத்துவராது. விடுபட்ட வருடத்துக்கு இடம் விடாமல் அது புள்ளிகளைச் சம தூரத்தில் அடுக்கிவிடக்கூடும். அப்போது `Scatter chart` போடுங்கள்.

## 4. இடப்பக்க அச்சு ஒன்றே போதும்

வலப்பக்கம் லிங்க்ஸுக்கென்று தனியாக ஓர் அச்சு வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். இந்தத் தரவுக்குத் தேவையில்லை. முயல் 7.6 முதல் 77.4 வரை, லிங்க்ஸ் 4 முதல் 59.4 வரை. இரண்டும் ஒரே அளவில் அடங்குகின்றன.

நான் வலியுறுத்துவதற்குக் காரணம் வேறு. இரண்டு அச்சு வைத்த வரைபடத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தைப் பார்த்து, "இங்கே லிங்க்ஸ் முயலை முந்தியது" என்று எழுதிவிடுகிறார்கள். வெட்டும் இடம் நீங்கள் தேர்ந்தெடுத்த அளவுகோலைப் பொறுத்தது. அளவுகோலை மாற்றினால் அதுவும் மாறும். ஒரே அச்சிலும் அதற்குப் பெரிய பொருள் கிடையாது, இது தோல் கணக்குதானே.

ஓநாயும் மூஸ் மானும் போல ஒன்று பத்துகளிலும் மற்றொன்று ஆயிரங்களிலும் இருந்தால், ஒவ்வொரு நெடுவரிசையையும் அதன் சராசரியால் வகுத்துவிட்டு வரையுங்கள். உச்சம் விழும் வருடம் இதனால் மாறாது, உயரம் மட்டுமே மாறும்.

## 5. உச்சங்களைக் குறியுங்கள்

இப்போது ஒவ்வொரு உச்சத்திலிருந்தும் வருட அச்சுக்கு நேராக ஒரு செங்குத்துக் கோடு இறக்குங்கள்.

முயல் உச்சம் 1903 (77.4), லிங்க்ஸ் உச்சம் 1904 (59.4). தாமதம் 1 வருடம்.

முயல் உச்சம் 1913 (76.6), லிங்க்ஸ் உச்சம் 1915 (51.1). தாமதம் 2 வருடம்.

தாமதம் என்பது கிடைமட்டத் தூரம். இரண்டு உச்சங்களின் உயர வித்தியாசத்தை, அதாவது 77.4 − 59.4 = 18 என்பதை, "இடைவெளி" என்று எழுதிய நோட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அது ஆயிரம் தோல்களின் கணக்கு. நமக்கு வேண்டியது வருடக் கணக்கு.

பெரும்பாலானோர் இங்கேயே நிறுத்தி, ஒன்றையும் இரண்டையும் சராசரி எடுத்து 1.5 என்று முடித்துவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். உச்சத்தின் நுனி என்பது ஒரே ஒரு வருடத்தின் எண். அந்த வருடம் பனி கூடுதலாக இருந்ததா, தோல் விலை ஏறியிருந்ததா என்பதெல்லாம் அந்த நுனியை ஒரு வருடம் முன்னும் பின்னும் தள்ளிவிடும். 1914இலும் 1915இலும் லிங்க்ஸ் 45.7, 51.1 என்று கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்கிறது. வித்தியாசம் சில ஆயிரம் தோல்தான். அந்தச் சில ஆயிரம் மறுபக்கம் சாய்ந்திருந்தால் இரண்டாவது தாமதமும் 1 ஆகியிருக்கும்.

அடிமட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். முயலின் தாழ்வு 1906இல், லிங்க்ஸின் தாழ்வு 1910இல். இதை வைத்துத்தான் ஒரு மாணவர் 4 என்று சொன்னார். 1908 முதல் 1911 வரை லிங்க்ஸ் எண்களைப் பாருங்கள்: 8.3, 9.1, 7.4, 8. தட்டையான தரையில் எது பள்ளம் என்று தேடுகிற கதை. அடிமட்டத்தை வைத்துத் தாமதத்தை அளக்காதீர்கள்.

## 6. பாதி உயரத்தில் அளந்து பாருங்கள்

கோடு எங்கே செங்குத்தாக ஏறுகிறதோ இறங்குகிறதோ, அங்கேதான் நேரத்தை நம்பிக்கையாகப் படிக்க முடியும். எண் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அங்கே வருடம் அதிகம் நகராது. அதனால் உச்சத்தின் பாதி உயரத்தில் அளப்பது என் வழக்கம்.

முதல் சுழற்சியை எடுத்துக்கொள்வோம். முயலின் உச்சம் 77.4, பாதி 38.7. முயல் 1900இல் 30, 1901இல் 47.2. ஆக இந்த இரண்டு வருடங்களுக்கு நடுவில் 38.7ஐத் தாண்டியிருக்கிறது. நேர்க்கோட்டுக் கணக்கில்:

```
=1900+(38.7-30)/(47.2-30)
```

விடை சுமார் 1900.5. லிங்க்ஸின் உச்சம் 59.4, பாதி 29.7. 1902இல் 9.8, 1903இல் 35.2 என்பதால் அது தாண்டுவது சுமார் 1902.8இல். ஏறும் பக்கத்தில் தாமதம் 2.3 வருடம்.

இறங்கும் பக்கத்திலும் இதையே செய்யுங்கள். முயல் 38.7ஐ மறுபடி கடப்பது 1903.9இல், லிங்க்ஸ் 29.7ஐக் கடப்பது 1905.5இல். தாமதம் 1.6.

இரண்டாவது சுழற்சியில் முயலுக்குப் பாதி 38.3, லிங்க்ஸுக்கு 25.55. ஏறும்போது 1910.8, 1913.2, தாமதம் 2.4. இறங்கும்போது 1914.4, 1916.3, தாமதம் 1.9.

நான்கு அளவுகள்: 2.3, 1.6, 2.4, 1.9. சராசரி சுமார் 2. நுனியை மட்டும் பார்த்தபோது ஒன்றா இரண்டா என்று ஆடிக்கொண்டிருந்த விடை இங்கே இரண்டைச் சுற்றி நிற்கிறது. இன்னொன்றும் தெரிகிறது: இரண்டு சுழற்சிகளிலும் ஏறும்போது உள்ள தாமதம் இறங்கும்போது உள்ளதை விடப் பெரிது. முயல் பெருகத் தொடங்கினாலும் லிங்க்ஸ் மெதுவாகத்தான் பெருக முடியும், முயல் சரிந்தால் கொஞ்சம் வேகமாகவே சரிகிறது. ஒரே எண்ணை மட்டும் எழுதினால் இது மறைந்துபோகும். அதனால் நான்கையும் எழுதிவிட்டே சராசரியை எழுதுங்கள்.

தசமங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். இவை இடைக்கணிப்பு எண்கள். முடிவில் "சுமார் 2 வருடம்" என்றே எழுதுங்கள்.

## 7. ஒரு நெடுவரிசையை நகர்த்தி ஒட்டுறவு பாருங்கள்

இதுவரை சில இடங்களில் மட்டும் அளந்தோம். 21 வருடங்களையும் சேர்த்துப் பார்க்க, லிங்க்ஸ் நெடுவரிசையை ஒவ்வொரு வருடமாகப் பின்னுக்கு இழுத்து, முயலோடு எப்போது அதிகம் ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். `CORREL` தரும் எண் 1ஐ நெருங்க நெருங்க இரண்டும் அதிகம் ஒத்துப்போகின்றன என்று பொருள்; 0க்கு அருகில் இருந்தால் ஒத்துப்போகவில்லை. வெற்றுக் கட்டங்களில் இவற்றை எழுதுங்கள்:

```
=CORREL(B2:B22,C2:C22)
=CORREL(B2:B21,C3:C22)
=CORREL(B2:B20,C4:C22)
=CORREL(B2:B19,C5:C22)
```

முதல் வரி தாமதம் 0, இரண்டாவது 1 வருடம், அப்புறம் 2, 3. வரவேண்டிய விடைகள் முறையே 0.07, 0.73, 0.93, 0.58.

தாமதம் இல்லாமல் பார்த்தால் 0.07. இந்த இரண்டு விலங்குகளுக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும்! "தாமதமே இல்லை" என்று சொன்ன மாணவர் உண்மையில் இந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்தியவர். இரண்டு வருடம் நகர்த்தியதும் 0.93. பாதி உயரத்தில் கிடைத்த விடையும் இதுவும் ஒத்துப்போகின்றன.

இங்கே நடக்கும் தப்பு திசை. B3:B22ஐ C2:C21 உடன் வைத்தால் லிங்க்ஸை முன்னால் வைத்ததாக ஆகிவிடும், விடை −0.48 வரும். உங்களுக்கு எதிர்மறை எண் வந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள். நினைவில் வைக்க எளிய வழி: முதல் சூத்திரம் தவிர மற்றவற்றில் லிங்க்ஸின் வரி எண் எப்போதும் முயலின் வரி எண்ணை விடப் பெரிதாகத் தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் ஒரு ஜோடி குறைகிறது. 21 வரிகளில் மூன்று நான்கு வருடம் வரை நகர்த்தலாம். பத்து வருடம் நகர்த்தினால் மிஞ்சுவது 11 ஜோடிகள்தான். சுழற்சியின் நீளமும் ஏறக்குறைய பத்து வருடம் என்பதால், நகர்த்திக்கொண்டே போனால் முயலின் அடுத்த உச்சத்தோடு லிங்க்ஸைத் தப்பாகப் பொருத்திவிடுவீர்கள்.

## 8. நகரும் சராசரியைத் தவிருங்கள்

கோடு கரடுமுரடாக இருக்கிறதே, மூன்று வருட நகரும் சராசரி எடுத்து நேர்த்தியாக்கலாமே என்று தோன்றும். செய்து பாருங்கள். முயலின் முதல் உச்சம் 1903இலிருந்து 1902க்குப் போய்விடும் (64.9, 1903க்கு 61.3தான்). லிங்க்ஸ் 1904இலேயே நிற்கும். நுனிகளுக்கு இடையே 1 வருடமாக இருந்த தாமதம் 2 ஆகிவிட்டது! விடை நாம் எதிர்பார்த்ததாக இருப்பதால் சந்தோஷப்படாதீர்கள், கருவி தானாக உண்டாக்கிய மாற்றம் அது. நடு வருடத்துக்குப் பதிலாகக் கடைசி வருடத்தில் சராசரியை எழுதினால் கோடு முழுவதுமே ஒரு வருடம் வலப்பக்கம் போகும். இரண்டு கோடுகளில் ஒன்றுக்கு மட்டும் அப்படிச் செய்தால் கேட்கவே வேண்டாம்.

## 9. விடை பொருந்துகிறதா?

இரண்டு வருடம் என்பது உயிரியலுக்கு ஒத்துவருகிறதா என்று ஒருமுறை பாருங்கள். லிங்க்ஸ் வருடத்துக்கு ஒரு முறைதான் குட்டி போடும். முயல் நிறைய இருந்த குளிர்காலத்துக்குப் பின் பிறக்கும் குட்டிகளே அதிகம் பிழைக்கும். அவை வளர்ந்து எண்ணிக்கையில் தெரிய இன்னொரு வருடமாவது வேண்டும். முயல் சரிந்த பிறகும் வளர்ந்த லிங்க்ஸ்கள் உடனே செத்துவிடுவதில்லை. பட்டினியோடு வெகுதூரம் அலையும். அப்படி அலையும் விலங்கு பொறியில் சிக்குவதும் எளிது, ஆகவே தோல் கணக்கில் லிங்க்ஸ் உச்சம் காட்டில் இருந்ததை விடக் கொஞ்சம் பெரிதாகத் தெரியலாம்.

லோட்கா–வோல்டெர்ரா சமன்பாடு படித்தவர்களுக்கு இன்னொரு சோதனை. ஏற்ற இறக்கம் சிறிதாக இருந்தால், தாமதம் சுழற்சியின் கால் பங்கு என்று அது சொல்லும். பத்து வருடச் சுழற்சிக்கு 2.5 வருடம். நமக்குக் கிடைத்தது சுமார் 2, தொலைவில் இல்லை. அதே சமன்பாட்டின்படி இரை உச்சத்தில் இருக்கும்போது இரைகொல்லி ஒரு நடு அளவில் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். 1913இல் முயல் உச்சம். அந்த வருடம் லிங்க்ஸ் 19.5, லிங்க்ஸின் 21 வருட சராசரி 20.2. ஆனால் 1903இல் லிங்க்ஸ் 35.2, அதாவது நடு அளவைத் தாண்டிப் போயிருந்தது. முதல் சுழற்சியில் நுனித் தாமதம் ஒரே வருடமாக இருந்ததும் இதுவும் ஒரே விஷயத்தின் இரண்டு முகங்கள்.

இந்தப் பொருத்தத்தை வைத்து "லிங்க்ஸ்தான் முயலைக் குறைக்கிறது" என்று எழுதிவிடாதீர்கள். கொயோட்டியும் பெருங்கொம்பு ஆந்தையும் முயலைத் தின்கின்றன, குளிர்காலத் தீவனமும் குறைகிறது. வரைபடம் வரிசையைத்தான் காட்டும்.

## 10. லிங்க்ஸ் முந்திக்கொண்டு வந்தால்

வேறு வருடங்களை எடுத்து வரைந்தால் லிங்க்ஸ் உச்சம் முயலுக்கு முன்னால் வரக்கூடும். பயப்பட வேண்டாம், இது பலருக்கு நடந்திருக்கிறது. 1875 முதல் 1904 வரையிலான தரவை ஆராய்ந்த மைக்கேல் கில்பின், 1973இல் "முயல்கள் லிங்க்ஸைத் தின்கின்றனவா?" என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார்.

அப்படி வந்தால் முதலில் வரிகள் நகர்ந்திருக்கின்றனவா, `CORREL` திசை சரியா என்று பாருங்கள். அப்புறம் இரண்டு நெடுவரிசைகளும் ஒரே பகுதியிலிருந்து வந்தவையா என்று தேடுங்கள். முயல் தோல் ஒரு வட்டாரத்திலும் லிங்க்ஸ் தோல் வேறொரு பெரிய வட்டாரத்திலும் சேகரிக்கப்பட்டிருந்தால், கனடா முழுக்க சுழற்சி ஒரே வருடத்தில் உச்சம் தொடுவதில்லை என்பதால், வரிசை எளிதாகத் தலைகீழாகும். ஒரு விலங்கின் கணக்கில் "வருடம்" என்பது பொறி வைத்த பருவமாகவும், மற்றதில் தோல் விற்ற பருவமாகவும் இருந்தால் அங்கேயே ஒரு வருடம் போய்விடும். இந்த இரண்டையும் சரிபார்க்க முடியாத தரவில் தாமதம் என்று எந்த எண்ணையும் எழுதாமல், வரைபடத்தை மட்டும் ஒட்டிவிட்டு, ஏன் எழுதவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள்.